'Read more'-ஐத் தொடாமலே பதில் போடுகிறார்கள்: 27 பதில் வந்தது, உருப்படியானது 2

சுந்தரி_மாடம்பாக்கம் · ஞாயிறு, இரவு 8:40

எங்கள் குடியிருப்பில் 46 வீடு. இந்த வருஷம் செயலாளர் வேலை என் தலையில் விழுந்தது. சம்ப்பும் மேல் தொட்டியும் கழுவ வேண்டும் என்று போன வியாழக்கிழமை வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டேன். கொஞ்சம் நீளம்தான், ஒத்துக்கொள்கிறேன். முதலில் வணக்கம், போன வருஷம் எப்போது கழுவினோம், அப்போது வீட்டுக்கு 600 ரூபாய் வாங்கினோம், இந்த முறை அதே ஆட்கள் 850 கேட்டார்கள் என்றெல்லாம் எழுதியிருந்தேன். அந்த 850-க்குப் பக்கத்திலேயே வாட்ஸ்அப் செய்தியை மடித்து 'Read more' போட்டுவிட்டது.

மடிப்புக்குக் கீழேதான் விஷயமே இருந்தது. வேறு ஆளைப் பிடித்து 450-க்கு முடித்துவிட்டோம். ஞாயிறு காலை 7 முதல் மதியம் 3 வரை தண்ணீர் வராது. சம்ப் மூடி மேல் நிற்கும் கார்களைச் சனிக்கிழமை ராத்திரியே எடுத்துவிட வேண்டும். லாரித் தண்ணீர் எத்தனை குடம் வேண்டும் என்று ஒவ்வொரு வீடும் சொல்ல வேண்டும்.

27 பேர் பதில் போட்டார்கள். 14 பேர் ஓகே, நன்றி, கட்டைவிரல். 8 பேர் 850 ரூபாய் அநியாயம் என்று சண்டை. 3 பேர் பதிலுக்குக் காலை வணக்கம். குடம் கணக்குச் சொன்னவர்கள் 2 பேர். 850-க்குச் சண்டை போட்டவர்களோடு சண்டை போட இன்னொரு கூட்டம் வந்தது, அவர்களும் கீழே படிக்கவில்லை. நான் மூன்று தடவை "முழுசா படிங்க" என்று போட்டேன். அதற்கும் இரண்டு கட்டைவிரல் வந்தது.

இன்றைக்குக் காலையில் நாலு ஆட்கள் மோட்டாரோடு வந்து நின்றார்கள். சம்ப் மூடி மேல் ஒரு கார். கார்க்காரர் திண்டிவனத்தில் கல்யாணத்தில், சாவி அவர் பையில். 11 மணி வரை பார்த்துவிட்டு, ஆட்களுக்கு அரை நாள் கூலி கொடுத்து அனுப்பினேன். அவர் வியாழக்கிழமை போட்ட பதிலைத் தேடிப் பார்த்தேன்: "ஓகே சார்." நான் சார்கூட இல்லை.

அடுத்த ஞாயிறு மறுபடி வரச் சொல்லியிருக்கிறேன். இந்த மடிப்பை எடுக்க ஏதாவது வழி உண்டா? இல்லையென்றால் இவர்களை எப்படித்தான் திறக்கவைப்பது?

---

குறும்பலா · ஞாயிறு, இரவு 8:58

எனக்கும் இதே எரிச்சல்தான். செய்தித் தளங்களில் நாலு வரி போட்டுவிட்டு மேலும் படிக்க என்று போடுவான், தொட்டால் விளம்பரம். அதனால்தான் நான் காகிதப் பேப்பருக்கே திரும்பிவிட்டேன்.

---

சுந்தரி_மாடம்பாக்கம் · ஞாயிறு, இரவு 9:02

அது வேறங்க. அங்கே அவர்கள் வேண்டுமென்றே மறைக்கிறார்கள். இங்கே நான் மறைக்கவே இல்லை.

---

கோபி.கோவை · ஞாயிறு, இரவு 9:15

மேடம், சுலபமான வழி இருக்கு. நீங்க போட்ட செய்தியை அழுத்திப் பிடிச்சு 'Message info' பாருங்க. யார் யார் படிச்சாங்கன்னு பேரோட, நேரத்தோட வரும். கார்க்காரர் பேர் அதுல இருந்தா அவர் படிச்சிருக்கார். அரை நாள் கூலியை அவர்கிட்டயே வாங்குங்க. ஆதாரம் கையில இருக்கே.

---

நிலா_2004 · ஞாயிறு, இரவு 9:31

கோபி அண்ணா, அந்தப் பட்டியல் சரி. ஆனா அது சொல்ற அர்த்தம் நீங்க நினைக்கிறது இல்லை. அவர் குழுவைத் திறந்தார், செய்தி திரையில வந்துச்சு, அவ்வளவுதான் அதுல பதிவாகும். 'Read more'-ஐத் தொட்டாரா இல்லையான்னு அனுப்பினவங்களுக்குத் தெரிய வழியே இல்லை. மேல நாலு வரி பார்த்தவரும் கடைசி வரி வரைக்கும் படிச்சவரும் ஒரே நீல டிக்தான்.

சுந்தரி அக்கா, மடிப்பை நிறுத்த செட்டிங் எதுவும் கிடையாது. உங்க போன்லயும் இல்லை, அவங்க போன்லயும் இல்லை. ஒரு செய்தி 65,536 எழுத்து வரைக்கும் போகலாம், ஆனா திரையில அதோட தலையை மட்டும்தான் காட்டும். எங்க வெட்டுதுன்னு தெரியணும்னா குழுவுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி உங்களுக்கே ஒரு தடவை அனுப்பிப் பாருங்க. உங்க நம்பருக்கே அனுப்புற வசதி 2022-லயே வந்துருச்சு. ஆனா உங்க போன்ல வெட்டுற இடத்துலதான் அவங்க போன்லயும் வெட்டும்னு நம்பிடாதீங்க. என் ஐபோன்லயும் தம்பியோட ஆண்ட்ராய்ட்லயும் வேற வேற இடத்துல வெட்டுச்சு.

இன்னொண்ணு. குறைஞ்ச விஷயத்துக்கே தமிழ்ல அதிக எழுத்து ஆகும். "வெள்ளிக்கிழமை"யை நாம 7 எழுத்துன்னு எண்ணுவோம். கம்ப்யூட்டர் கணக்குல கொம்பு, புள்ளி, சுழி எல்லாம் தனித்தனி, அதனால 13. ஆங்கிலத்துல அதே கிழமைக்கு 6 எழுத்துதான்.

---

கோபி.கோவை · ஞாயிறு, இரவு 9:40

அப்போ யாராவது நீல டிக்கை அணைச்சு வச்சிருந்தா குழுவுலயும் தெரியாதுல்ல?

---

நிலா_2004 · ஞாயிறு, இரவு 9:44

குழுவுல தெரியும். அணைச்சு வச்சாலும் தனிப்பேச்சுக்குத்தான் அது செல்லும். ஆனா அறிவிப்புப் பட்டையிலயே படிச்சுட்டு உள்ளே வராதவங்க அந்தப் பட்டியல்ல வரமாட்டாங்க. அந்தப் பட்டையில வர்றதும் செய்தியோட தலைதான்.

---

இரும்பு · ஞாயிறு, இரவு 10:05

எல்லாரும் மக்களைத் திட்டுறீங்க. நான் வேற பக்கத்துலேர்ந்து சொல்றேன். எனக்கு 19 குழு இருக்கு. பஸ்ல நின்னுகிட்டு ஒரு கையில பாக்குறேன். ஓகேன்னு போட்டா நான் படிச்சேன்னு அர்த்தமில்ல. பாட்டி கதை சொல்லும்போது ம் கொட்டுவோமே, அது மாதிரி. ம் கொட்டினவன் கதையைக் கேட்டான்னு அர்த்தமா? இன்னும் தூங்கலன்னுதான் அர்த்தம். நாம பதில் போடலன்னாலும் "யாருமே பதில் சொல்றதில்ல"ன்னு செயலாளர் வருத்தப்படுவாங்க. அந்த மரியாதைக்குப் போடறதுதான் ஓகே. அதைச் சம்மதம்னு எடுத்துக்கிட்டது உங்க தப்பு.

---

சுந்தரி_மாடம்பாக்கம் · ஞாயிறு, இரவு 10:11

கோபமாகப் பதில் எழுதி அழித்துவிட்டேன். ம் கொட்டுவது சரிதான். ஆனால் பாட்டி ம்-ஐ நம்பி லாரிக்குச் சொல்லமாட்டாள் இல்லையா.

---

பிழைதிருத்தி · திங்கள், காலை 6:20

நான் ஒரு பதிப்பகத்தில் இருபது வருடமாக மெய்ப்புப் பார்க்கிறேன். செயலியைக் குறை சொல்வதற்கு முன் நம் வாக்கியத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

தமிழில் வினை கடைசியில் வரும். உண்டா இல்லையா, நடக்குமா நடக்காதா, எல்லாவற்றுக்கும் தீர்ப்பு கடைசிச் சொல்லில் இருக்கிறது. "ஞாயிறு காலை ஏழு மணி முதல் தண்ணீர் நிறுத்தப்படும் என்று பரவும் தகவல் உண்மையல்ல" என்ற வரியை "நிறுத்தப்படும்" என்ற இடத்தில் வெட்டிப் பாருங்கள். சொல்ல வந்ததற்கு நேர் எதிரான செய்தி கிடைக்கும். மடிப்பு வரிக் கணக்கோ எழுத்துக் கணக்கோ பார்க்கும், பொருள் பார்க்காது.

எங்கள் தெருக் குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பெரியவர் இறந்துபோனார். செய்தி எழுதியவர் முறையாக எழுதினார்: "நம் தெருவின் மூத்தவரும், முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியராகப் பணியாற்றி எண்ணற்ற மாணவர்களை உருவாக்கியவரும், நம் சங்கத்தின் முதல் தலைவரும்…" இப்படியே "வரும்", "வரும்" என்று போய், பேர் வந்து, "அவர்கள்" வந்தது. "காலமானார்" மடிப்புக்குக் கீழே போய்விட்டது. முதல் பதில் "வாழ்த்துகள் ஐயா". இரண்டாவது "இன்னும் பல்லாண்டு வாழ்க". மூன்றாவதாக ஒருவர் பூங்கொத்துப் போட்டார். அது இரண்டுக்கும் பொருந்தும், தப்பித்துக்கொண்டார். பிறகு மகன் வந்து பார்க்கும்வரை யாரும் அந்தப் பதில்களை எடுக்கவில்லை.

சுந்தரி அம்மா, உங்கள் செய்தியிலும் இதுதான் நடந்திருக்கிறது. 850 கேட்டார்கள் என்பது பாதிக் கதை, "அதனால் வேறு ஆளைப் பிடித்தோம்" என்பது மீதி. சண்டை போட்ட எட்டுப் பேரும் தங்களுக்குக் கிடைத்த பாதியை ஒழுங்காகத்தான் படித்திருக்கிறார்கள்.

---

தட்டச்சு · திங்கள், காலை 9:10

அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். இதற்கு எங்களிடம் எப்போதோ வழி இருந்தது. எந்தக் கடிதத்திலும் ஐயா என்று விளித்ததும் முதல் வேலை "பொருள்" வரி. "பொருள்: குடிநீர்த் தொட்டி சுத்தம் செய்தல் – தொடர்பாக." அடுத்து "பார்வை", முந்தைய கடிதத்தின் எண். அதன் பிறகுதான் விவரம். மேசையில் ஐம்பது தபால் இருந்தாலும் பொருள் வரியைப் பார்த்தே பிரித்துவிடலாம். குழுவில் எழுதுகிறவர்களும் இதைக் கடைப்பிடித்தால் எந்தக் குழப்பமும் வராது.

---

பிழைதிருத்தி · திங்கள், காலை 9:48

ஐயா, பொருள் வரி நல்ல பழக்கம்தான். ஆனால் "தொடர்பாக" என்ற சொல் எதைப் பற்றி என்பதோடு நின்றுவிடுகிறது, என்ன செய்ய வேண்டும் என்று சொல்வதில்லை. அலுவலகத்தில் அது போதும், கோப்பைத் திறந்து கடைசிப் பத்திவரை படிக்கச் சம்பளம் வாங்கும் ஒருவர் இருக்கிறார். குடியிருப்புக் குழுவில் அப்படி யாரும் இல்லை. "தொட்டி சுத்தம் செய்தல் – தொடர்பாக" என்று பார்த்ததும் "ஓ, தொட்டியா, ஓகே சார்" என்றுதான் பதில் வரும். இங்கே பொருள் வரியிலேயே வினை இருக்க வேண்டும்: "காரை எடுக்கவும்."

---

தட்டச்சு · திங்கள், காலை 10:02

வணக்கம்கூடச் சொல்லாமல் "காரை எடுக்கவும்" என்று ஆரம்பிப்பது முறையா? போக்குவரத்துக் காவலர் பேசுவது போல இருக்கிறது.

---

மதுரைமீனாள் · திங்கள், மதியம் 1:25

எங்க வீட்டுக் கதையைச் சொல்றேன், உங்களுக்கு உதவுமா தெரியாது. அப்பாவுக்கு 74. சொந்தக்காரங்க குழுவுல என் தம்பி கொடைக்கானல் போற திட்டத்தை நீளமா போட்டிருந்தான். அப்பா "சரிப்பா, சந்தோஷம்"னு பதில் போட்டுட்டார். கிளம்பற அன்னிக்கு ஸ்வெட்டர் எடுக்கல, மாத்திரை எடுக்கல. ஏன்பா படிக்கலையான்னு கேட்டா, "அந்த வேற கலர் எழுத்தைத் தொட்டா காசு போயிரும்னு நீதானம்மா சொன்ன"ங்கிறார்.

நாந்தான் சொன்னேன். போன வருஷம் அவருக்கு ஒரு மோசடி மெசேஜ் வந்தப்போ, கலர் மாறின எழுத்து எது வந்தாலும் தொடாதீங்கன்னு சொல்லிவச்சேன். 'Read more'-உம் அவர் கண்ணுக்கு அதே மாதிரிதான் இருக்கு. அவர் சோம்பேறித்தனத்துல விடல, நான் சொன்னதைக் கேட்டு விட்டிருக்கார்.

இப்ப நானே பக்கத்துல உக்காந்து எது லிங்க், எது மடிப்புன்னு காட்டிக்கொடுத்தேன். லிங்க்னா முகவரி மாதிரி எழுத்து இருக்கும், தொட்டா வேற இடத்துக்குப் போகும். இதைத் தொட்டா அந்த மெசேஜே கீழே விரியும், எங்கேயும் போகாது. நாலு தடவை தொட்டுக் காட்டின பிறகுதான் நம்பினார். இன்னும் ஒவ்வொரு தடவையும் "தொடட்டுமா"ன்னு கேட்டுட்டுத்தான் தொடறார்.

---

சுந்தரி_மாடம்பாக்கம் · திங்கள், மதியம் 1:50

மீனாள், இதை நான் நினைத்தே பார்க்கவில்லை. எங்கள் குழுவில் பாதிப் பேர் ஓய்வு பெற்றவர்கள். மோசடி பற்றி எச்சரிக்கைச் செய்தி போட்டதும் நான்தான். அதுவும் நீளமாக, மடிந்துதான் போயிருக்கும்.

---

நிலா_2004 · திங்கள், மாலை 5:30

இன்னொரு காரணமும் இருக்கு, அது எங்க ஆளுங்க பண்ணினது. விடுகதை, பயமுறுத்துற மெசேஜ் எல்லாம் ஒரு வரியிலேயே 'Read more' காட்டுமே, பார்த்திருப்பீங்க. அதுல நடுவுல கண்ணுக்குத் தெரியாத எழுத்தை ஆயிரக்கணக்குல நிரப்பியிருப்பாங்க. இப்படி:

```
"விடை: " + "\u200e".repeat(4000) + "வெங்காயம்"
```

தெரியாத எழுத்தா இருந்தாலும் வாட்ஸ்அப் எண்ணிக்கையில அதையும் சேர்த்துக்கும். அதனால வெங்காயம் மடிப்புக்குக் கீழே போயிரும். பத்து தடவை திறந்து பத்து தடவையும் கேலி வாங்கினவங்க பதினொண்ணாவது தடவை ஏன் திறக்கணும்?

---

கோபி.கோவை · திங்கள், இரவு 8:15

எங்க பேட்மின்டன் குழுவுல ஒரு தந்திரம் பண்ணுவோம். நீளமான செய்தியோட கடைசியில ஒரு வார்த்தை வைப்போம், "படித்தவர்கள் முருங்கை என்று பதில் போடவும்"னு. யார் முருங்கை போடலியோ அவங்க படிக்கல. மேடம் செஞ்சு பாருங்க.

---

சுந்தரி_மாடம்பாக்கம் · புதன், இரவு 9:30

கோபி சொன்னபடி இன்றைக்குச் செய்து பார்த்தேன். குப்பை பிரிப்பது பற்றி ஒரு செய்தி, கடைசியில் "படித்தவர்கள் வீட்டு எண்ணோடு முருங்கை என்று போடவும்".

முதல் ஆறு பதிலும் ஓகேதான். ஏழாவதாக நாலாம் மாடி டீச்சர் "D3 முருங்கை" என்று போட்டார். அடுத்து "A1 முருங்கை". அதற்குப் பிறகு மளமளவென்று வரிசையாக முருங்கை வந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். அப்புறம் ஒருவர் "எனக்கும் ஒரு கட்டு, C2" என்று போட்டார். இன்னொருவர் "கீரையா காயா?" என்று கேட்டார். கீழ்வீட்டு அம்மா "நம்ம தோட்டத்துலயா காய்ச்சிருக்கு, சொல்லவே இல்லையே" என்றார். முன்னால் இருப்பவர் போட்டதைப் பார்த்துப் போட்டிருக்கிறார்கள், யாரும் திறக்கவில்லை. முருங்கை எண்ணிக்கை 19. நேரில் விசாரித்துப் பார்த்தேன், நான் விசாரித்ததில் செய்தியை முழுசாகப் படித்தவர்கள் ஐந்தே பேர்.

---

இரும்பு · புதன், இரவு 9:41

வயிறு வலிக்குது. கீரையா காயா.

---

கோபி.கோவை · புதன், இரவு 9:52

எங்க குழுவுல 8 பேர்தான். அதான் ஓடுது போல.

---

பிழைதிருத்தி · வியாழன், காலை 6:05

எல்லோருக்கும் ஒரே விடை என்றால் பார்த்து எழுதத்தான் செய்வார்கள், தேர்வு மண்டபத்தில் நடப்பதுதான். வீட்டுக்கு வீடு மாறும் விடையாகக் கேளுங்கள். உங்கள் குடம் கணக்கே அப்படிப்பட்ட கேள்விதானே. பக்கத்து வீட்டுக்காரர் ஆறு குடம் என்றால் இவரும் ஆறு என்று போடமுடியாது, இவர் வீட்டில் எத்தனை பேர் என்று யோசித்தாக வேண்டும். நல்ல கேள்வியை வைத்துக்கொண்டு அதைக் கொண்டுபோய்க் கடைசியில் புதைத்திருக்கிறீர்கள்.

---

நிலா_2004 · வியாழன், காலை 8:20

கார் விஷயத்துக்கு மட்டும் வாக்கெடுப்பு வைக்கலாம் அக்கா. 12 விருப்பம் வரைக்கும் வைக்க முடியும், யார் எதைத் தொட்டாங்கன்னு பேரும் தெரியும். "என் கார் சம்ப் மேல் நிற்கிறது, எடுக்கிறேன்", "என் கார் அங்கே இல்லை", "கார் இல்லை". வாக்கெடுப்புல மடிப்பு விழறதுக்கு இடமே இல்லை, கேள்வியே சின்னதாத்தான் இருக்கும். குடம் கணக்குக்கு அது சரிவராது.

அப்புறம் செய்தியை மேலே குத்தி வைங்க. 24 மணி நேரம், 7 நாள், 30 நாள்னு மூணு அளவு இருக்கு. ஆனா குத்தி வச்சாலும் மேலே பட்டையில தெரியறது முதல் வரிதான். முதல் வரி வணக்கமா இருந்தா ஏழு நாளும் வணக்கம்தான் தொங்கும்.

---

சுந்தரி_மாடம்பாக்கம் · வியாழன், காலை 11:15

இப்படி எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்:

"வணக்கம். சம்ப் மூடி மேல் நிற்கும் கார்களைச் சனி இரவு 10-க்குள் எடுக்கவும். ஞாயிறு காலை 7 – மதியம் 3 தண்ணீர் வராது. லாரித் தண்ணீர் எத்தனை குடம் வேண்டும்? வீட்டு எண்ணும் குடமும் மட்டும் போடவும், இப்படி: B4 – 6. வேண்டாதவர்கள் B4 – 0."

பணம், போன வருஷக் கதை எல்லாம் தனிச் செய்தி. தட்டச்சு ஐயாவுக்காக ஒரு வணக்கம் விட்டிருக்கிறேன். எனக்கே அனுப்பிப் பார்த்தேன், மடியவில்லை. பழைய செய்தியை வியாழக்கிழமையே இப்படிச் சோதித்திருந்தால் 850-இல் வெட்டுவது தெரிந்திருக்கும்.

---

தட்டச்சு · வியாழன், காலை 11:40

ஒரு வணக்கம் போதும். மகிழ்ச்சி.

---

இரும்பு · வியாழன், மதியம் 12:10

சைபர் போடச் சொன்னது நல்ல யோசனை. இல்லன்னா வேண்டாதவன் சும்மா இருப்பான், பாக்காதவனும் சும்மா இருப்பான், ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

ஒரு விஷயம் மட்டும். பணச் செய்தியை எப்ப போடப்போறீங்க? பின்னாடி போட்டா குழுவைத் திறந்ததும் அதுதான் கண்ணுல படும், கார் செய்தி மேலே போயிரும். முன்னாடியே போடுங்க.

---

பிழைதிருத்தி · வியாழன், மதியம் 12:35

முன்னால் போட்டால் முதலில் பணச் சண்டை ஆரம்பித்துவிடும், அதன் நடுவில் கார் செய்தி வந்தால் யாரும் கவனிக்கமாட்டார்கள். கார் செய்திக்குக் குறைந்தது ஒரு நாளாவது விட்டுப் பணத்தைப் போடுங்கள் என்பேன்.

---

நிலா_2004 · வியாழன், மதியம் 12:50

எதுவா இருந்தாலும், போட்ட பிறகு நேரத்தை மாத்தணும்னா அதே செய்தியைத் திருத்தாதீங்க அக்கா. 15 நிமிஷத்துக்குள்ள திருத்த விடும், ஆனா திருத்தினா மறுபடி மணி அடிக்காது. ஏற்கனவே பதில் போட்டவங்க திரும்பி வந்து பார்க்கமாட்டாங்க. புதுசாவே ஒண்ணு போடுங்க.

---

சுந்தரி_மாடம்பாக்கம் · சனி, இரவு 10:25

வியாழன் மதியமே போட்டேன், பணச் செய்தியை நேற்று இரவு. 46 வீட்டில் 33 வீடு எண்ணோடு குடம் சொல்லிவிட்டது. 5 பேர் ஓகே மட்டும். அவர்களுக்குத் தனியாகப் போன் செய்து கேட்டேன். மீதி 8 வீட்டைக் காவலாளி அண்ணன் கதவைத் தட்டிக் கேட்டு வந்தார், அதில் இரண்டு பேரிடம் வாட்ஸ்அப்பே இல்லையாம். இவ்வளவு நாளும் எனக்குத் தெரியாது.

பணத்தைத் தனியாகப் போட்டதற்கும் ஒருவர் கேட்டுவிட்டார்: "முதல் செய்தியில் தொகையைச் சொல்லாமல் மறைத்தது ஏன்?" அவர் போன வாரம் 850-க்குச் சண்டை போட்டவர்.

கார் எல்லாம் எடுத்தாகிவிட்டது. திண்டிவனம் சாரும் ஒன்பது மணிக்கே எடுத்துவிட்டார்.

---

கோபி.கோவை · சனி, இரவு 10:40

அவர்கிட்ட கூலி கேட்டீங்களா மேடம்?

---

சுந்தரி_மாடம்பாக்கம் · ஞாயிறு, மாலை 4:10

கேட்கவில்லை. சம்ப் கழுவியாகிவிட்டது, இரண்டு பெரிய வாளி சேறு, ஒரு பிளாஸ்டிக் பந்து. மூணேகாலுக்கு மோட்டார் போட்டோம்.

மூன்றரைக்கு, ஓகே மட்டும் போட்ட அந்த ஐந்து பேரில் ஒருவர் குழுவில் கேட்கிறார்: "காலையிலிருந்து தண்ணீர் வரவில்லையே, ஏதாவது பிரச்சினையா?" அவரிடம் நானே போனில் பேசியிருக்கிறேன். குடமும் நாலு வாங்கியிருக்கிறார்.

---

இரும்பு · ஞாயிறு, மாலை 4:18

போன்லயும் ம் கொட்டியிருப்பார்.